முளைப்பயறு நல்லது, அதைப் பச்சையாகத் தின்பதுதான் பிரச்சினை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீடுகளும், சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகளும், கர்ப்பிணித் தாய்மார் உள்ள வீடுகளும் பொறுமையாக வாசித்தால் போதும்.

போன கிழமை ஒரு தாய் கேட்டார்: "சேர், பாடசாலையில் ஆரோக்கிய உணவு தினம் வைக்கிறார்கள். முளைகட்டின பயறைப் பச்சையாக, வெங்காயம் தக்காளி வெட்டிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து கொடுத்துவிடலாமா? யூடியூப்பில் அவிக்கவே வேண்டாம், அவித்தால் சத்தெல்லாம் செத்துவிடும் என்கிறார்கள்." வேண்டாம், அவித்துக் கொடுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முளைப்பயறு கெட்ட சாப்பாடு என்று நான் சொல்லவில்லை. பயறும் கடலையும் கௌபியும் நம் வீடுகளில் எந்நாளும் உள்ள சாப்பாடு. காலையில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் தின்று வளர்ந்தவர்கள்தான் நாம். அதில் "அவித்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மூத்தவர்கள் அதை அவித்துத்தான் தின்றார்கள். "அந்தக் காலத்தில் எல்லாரும் பச்சையாகத்தானே தின்றார்கள்" என்று இப்போது சொல்லப்படும் கதை நம் வீட்டுக் கதையல்ல. அது வீடியோக்களோடு வந்த பழக்கம்.

சரி, பச்சைத் தக்காளி தின்கிறோம், பச்சை வெங்காயம் தின்கிறோம், பச்சை வல்லாரைச் சம்பல் தின்கிறோம். முளையில் மட்டும் என்ன வந்தது?

வித்தியாசம் இதுதான். தக்காளியின் தோலில் நாலு கிருமி இருந்தால், அதைக் கழுவி வெட்டித் தின்னும் வரைக்கும் ஏறக்குறைய நாலாகவே இருக்கும். அங்கே அவை பெருகுவதற்கு வசதி இல்லை. முளைகட்டுவது அப்படியல்ல. விதையை ஊறவைக்கிறோம். ஊறிய விதை பிளந்து, உள்ளிருக்கும் சீனியும் புரதமும் கொஞ்சம் வெளியே கசிகிறது. பிறகு ஈரத் துணியில் கட்டி, வெயில் படாத சூடான மூலையில் ஒரு நாளோ இரண்டு நாளோ வைக்கிறோம். ஈரம், சூடு, சாப்பாடு, நேரம் என்ற நான்கும் அங்கே சேர்ந்துவிடுகின்றன. ஆய்வுகூடத்தில் பற்றீரியா வளர்க்க வேண்டுமென்றால் இதே நான்கைத்தான் கொடுப்பார்கள். அதாவது நாம் முளை வளர்ப்பதற்குச் செய்கிற ஒவ்வொரு வேலையும் கிருமி வளர்ப்பதற்கும் செய்கிற வேலைதான். வேறு எந்தப் பச்சைச் சாப்பாட்டையும் நாம் இப்படி இரண்டு நாள் அடைகாத்துத் தின்பதில்லை.

பத்தாம் தரப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு ஒன்று போடுவோம். ஒரு பற்றீரியா மணிக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று வையுங்கள். நல்ல சூட்டில் அது இதைவிட வேகமாகவே பெருகும், நாம் மெதுவாகவே கணக்கிடுவோம். பத்து மணித்தியாலத்தில் ஒன்று 1,024 ஆகிவிடும். இருபது மணித்தியாலத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். நிஜத்தில் இடமும் உணவும் முடியும்போது இந்த வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் நிற்பதற்கு முன்பே ஒரு கிராம் முளையில் பத்து இலட்சம், ஒரு கோடி என்ற அளவுக்கு வந்துவிடலாம். சில வகை ஈ.கோலைக் கிருமி ஒரு பிள்ளையை வருத்தத்தில் போட நூறு கூடத் தேவையில்லை. எனவே விதையில் எத்தனை கிருமி இருந்தது என்பதைவிட, ஒன்றாவது இருந்ததா என்பதுதான் கேள்வி.

விதைக்குக் கிருமி எப்படி வரும்? கடையில் சாக்கில் இருக்கும் பயறு முளைகட்டிப் பச்சையாகத் தின்பதற்கென்று விளைவிக்கப்பட்டதல்ல. அவித்துத் தின்பார்கள் என்ற நினைப்பில்தான் அதை விளைவித்துக் காயவைத்து விற்கிறார்கள். வயலில் மாடு நிற்கும், சாணி உரம் இருக்கும். காயப்போட்ட படங்கில் காகம் இறங்கும், கோழி கிளறும், எலி ஓடும். மன்னாரில் கட்டாக்காலிக் கழுதைகள் நடக்காத வெறும் நிலம் எங்கே இருக்கிறது? ஈ.கோலையும் சல்மனெல்லாவும் விலங்குகளின் குடலில் வாழ்பவை. சாணியின் ஒரு துகள் போதும். அது விதையின் தோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் போய்க் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அவிக்கிறவனுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. கொதிநீர் எல்லாவற்றையும் முடித்துவிடும். பச்சையாகத் தின்கிறவனுக்குத்தான் இது கேள்வி.

இனி நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு மே மாதம், ஜேர்மனியின் வடபகுதியில் ஆட்கள் இரத்தத்தோடு வயிற்றோட்டம் போகத் தொடங்கினார்கள். நோயாளிகளில் பெரும்பாலானோர் வளர்ந்தவர்கள், அதிலும் பெண்கள் கூட. அதுவரை நல்ல சுகமாக இருந்தவர்கள். பலருக்குச் சில நாட்களில் சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் செயலிழந்தது. ஈ.கோலையில் ஓ104 என்ற அரிதான வகை காரணம் என்று கண்டார்கள். ஆனால் அது எந்தச் சாப்பாட்டில் வந்தது என்று தெரியவில்லை. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயில் சந்தேகம் போனது. ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் தேங்கி அழுகியது. பிறகுதான் வெள்ளரிக்காய் இதற்குக் காரணமல்ல என்று தெரிந்தது.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்? நோயாளிகளிடம் "முளை சாப்பிட்டீர்களா" என்று கேட்டபோது, நாலில் ஒருவர்தான் ஆம் என்றார். மற்றவர்களுக்கு ஞாபகமே இல்லை. சலாதின் மேல் தூவியிருந்த ஒரு பிடி முளையை யார் ஞாபகம் வைத்திருப்பார்? அதனால் ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். ஒரே உணவகத்தில் குழுக்களாகச் சாப்பிட்டவர்களைப் பிடித்து, "முளை தின்றாயா" என்று கேட்காமல், "என்ன உணவு எடுத்தாய்" என்று கேட்டார்கள். பிறகு சமையற்காரரிடம் போய், அந்தந்த உணவில் என்னென்ன போட்டாய் என்று கேட்டார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முளை சேர்ந்த உணவை உண்டவர்கள் நோயாளியாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பதினான்கு மடங்கு. நோயுற்ற ஒவ்வொருவரின் தட்டிலும் முளை இருந்திருக்கிறது.

ஜூன் 10ஆம் திகதி ஜேர்மனி அரசு இதை அறிவித்தது. கீழ் சக்சனி மாநிலத்தில் முளை வளர்க்கும் ஒரு பண்ணையில் இருந்து அவை வந்திருந்தன. முடிவில் கணக்குப் பார்த்தால் ஜேர்மனியில் மட்டும் 3,816 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 845 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 54 பேர் இறந்தார்கள். உலகத்தில் மிகச் சிறந்த வைத்தியசாலைகள் உள்ள நாட்டில் நடந்தது இது.

"அது பண்ணையில் வளர்த்தது. நான் வீட்டில் சுத்தமாக முளைகட்டுகிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். இதே கதையின் அடுத்த பாதி அதற்குத்தான் பதில்.

பிரான்ஸில் போர்தோ நகருக்குப் பக்கத்தில் பெகிள் என்று ஓர் ஊர். அங்கே சிறுவர்களுக்கான ஒரு சமூக நிலையத்தில் ஜூன் 8ஆம் திகதி பெற்றோரும் ஊராரும் வந்து பார்க்கும் நாள் ஒன்று வைத்தார்கள். நம் பாடசாலைகளில் வைக்கிற மாதிரிதான். கடையில் பைக்கற்றாக விற்கும் விதைகளை வாங்கி, அந்த நிலையத்திலேயே முளைகட்டினார்கள். வெந்தயம், கடுகு, இன்னுமொரு கீரை விதை. அன்றைக்குக் குளிர்ந்த சூப்பின் மேலும் வெட்டிய காய்கறியின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கொடுத்தார்கள். ஒருவரும் தட்டு நிறைய முளை தின்னவில்லை. இரண்டு வாரத்தில் அதே இரத்த வயிற்றோட்டம், அதே சிறுநீரகப் பாதிப்பு. கிருமியும் ஜேர்மனியில் கண்ட அதே ஓ104.

இரண்டு நாடு, ஒன்றையொன்று தெரியாத இரண்டு இடம். ஒன்று பண்ணை, மற்றது சிறுவர் நிலையத்தின் ஒரு மூலை. இரண்டையும் இணைத்தது எது என்று விதையின் வழியே தேடிப் போனார்கள். பத்திரங்களைப் பின்தொடர்ந்து போன விசாரணை, 2009 நவம்பரில் எகிப்தில் இருந்து கப்பலில் வந்த ஒரு தொகுதி வெந்தயத்தில் போய் நின்றது. மொத்தம் 15,000 கிலோ. அதில் இருந்து கைமாறிக் கைமாறிப் பல நாடுகளுக்குப் பிரிந்து போயிருந்தது.

இந்தத் திகதியைக் கொஞ்சம் யோசியுங்கள். விதை வந்தது 2009 இறுதியில். ஆட்கள் நோயுற்றது 2011 நடுவில். ஒன்றரை வருடம் அந்தக் கிருமி காய்ந்த வெந்தயத்தில் சும்மா கிடந்து, ஈரம் பட்டதும் எழும்பியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. விதை மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் அந்தக் கிருமி பிடிபடவில்லை. ஒரு மூடை விதையில் எங்கோ ஒரு சில விதையில்தான் அது இருக்கும். கையில் எடுத்த பிடியில் இல்லாவிட்டால் பரிசோதனை "இல்லை" என்றுதான் சொல்லும். ஆய்வுகூடத்துக்கே பிடிபடாததை நாம் மணந்து பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? முளை வழுவழுப்பாகி நாறினால் பழுதாகிவிட்டது என்று தெரியும். ஆனால் நாறாத, வெள்ளை வெளேரென்ற, நொறுநொறுப்பான முளையிலும் நோய்க்கிருமி இருக்கலாம். நிறமும் மணமும் இதற்குச் சாட்சி சொல்லாது.

கழுவினால் போகாதா? கொஞ்சம் போகும், முழுதாகப் போகாது. வெடிப்புக்குள் இருப்பதைத் தண்ணீர் தொடாது. முளைக்கும்போது உள்ளே இருந்ததைக் கழுவ வழியே இல்லை. உப்புத் தண்ணீர், வினாகிரி, தேசிக்காய் எல்லாம் இதே கதைதான். பிரிஜ்ஜில் வைத்தால் பெருகுவது மெதுவாகும், ஆனால் இருந்தது சாகாது. பெரிய அளவில் முளை வளர்க்கும் நிறுவனங்களுக்கு, விதையை மிகக் கடுமையான குளோரின் கரைசலில் ஊறவைக்கும்படி அமெரிக்காவில் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகும் முளைத் தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார்கள். குளோரினும் முழுதாகக் கொல்லாது என்பதால்தான் அந்த இரண்டாவது காவல். நம் குசினியில் இந்த இரண்டும் இல்லை.

இனி மன்னாருக்கு வருவோம். குளிர் நாட்டில் நடந்ததை இங்கே ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். இங்கே நிலைமை கிருமிக்கு இன்னும் வசதி. நமக்கு நடுச்சாமத்திலும் வீட்டுக்குள் 25 பாகைக்கு மேலே. பகலில் 30ஐத் தாண்டும். முளை சீக்கிரம் வருவதும் அதனால்தான், கிருமி சீக்கிரம் பெருகுவதும் அதனால்தான். தண்ணீரும் அப்படி. தீவு முழுக்க மணல் நிலம். நல்ல தண்ணீர் ஆழமில்லாத கிணற்றில் கிடைக்கிறது. அதே வளவில்தான் மலசலகூடக் குழியும் இருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு தண்ணீரும் மணலுக்குள் எவ்வளவு தூரம் விலகி நிற்கும்? விதை சுத்தமாகவே இருந்தாலும், கொதிக்காத கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு நாள் கட்டி வைத்தால் கிருமியை நாமே விதைக்கிறோம்.

"இத்தனை பேர் தின்கிறார்களே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. தின்கிற ஒவ்வொரு கோப்பை முளையும் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான நாளில் ஒன்றும் நடக்காது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்த ஜேர்மன் கிருமி வயிற்றில் போய் நோயாக வெளிப்பட ஏறக்குறைய எட்டு நாள் எடுத்தது. எட்டு நாளைக்கு முன் தின்ற சலாதை யார் நினைத்துப் பார்ப்பார்? நம் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் "கடைச் சாப்பாடு", "தண்ணீர் மாறிப்போச்சு", "வெயில் சூடு" என்று சொல்லிவிட்டு இருப்போம். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே ஆயிரக்கணக்கானோர் விழுந்த பிறகுதான் முளை பிடிபட்டது. நம் வீட்டில் ஒன்றிரண்டு பேருக்கு வந்தால் அது கணக்கில் வராமலே போய்விடும்.

ஜேர்மனியில் நடந்ததற்குப் பிறகு, 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் முளைக்கென்றே தனிச் சட்டங்கள் கொண்டுவந்தது. விதை எங்கிருந்து வந்தது என்று பதிவு வைக்க வேண்டும், கிருமிப் பரிசோதனை செய்ய வேண்டும். அமெரிக்காவில் சுகாதாரத் துறையினர் நீண்ட காலமாகவே சொல்லிவருவது: சிறுபிள்ளைகள், வயோதிபர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைத் தொடவே வேண்டாம். இப்போது நம்மூரில் யாருக்கு அதைப் பச்சையாகத் தின்னச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "பிள்ளைக்குச் சத்து", "வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்குப் புரதம்", "சீனி வருத்தத்துக்கு வெறும் வயிற்றில் முளைவெந்தயம்". தொடக்கூடாத ஆட்களின் பட்டியலை எடுத்து, தின்ன வேண்டியவர்களின் பட்டியலாக மாற்றி வைத்திருக்கிறார்கள். என் கோபம் இதில்தான். பயறிலும் இல்லை, பயறு விற்கிறவர் மேலும் இல்லை.

அவித்தால் சத்துப் போகும் என்கிறார்களே? வைற்றமின் சீயில் ஒரு பங்கு போகும், உண்மை. அதை அவித்த பிறகு மேலே பிழிகிற தேசிக்காய் கொண்டுவந்துவிடும். புரதம் போகாது, இரும்பு போகாது, நார் போகாது. பச்சைப் பயறில் புரதம் செமிப்பதைத் தடுக்கிற பொருள் ஒன்று உண்டு. முளைக்கும்போது அது கொஞ்சம் குறையும், அவிக்கும்போது நன்றாகவே குறையும். ஆகவே அவித்த முளைப்பயறு வயிற்றுக்கும் லேசு. "நொதியம் செத்துவிடும்" என்பது பெரிய விஷயமில்லை. விதையின் நொதியம் விதை முளைப்பதற்கு. நம் வயிற்றுக்குள் போனால் அதையும் மற்றப் புரதம் போல் செமித்துவிடுவோம்.

எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு: பயறைக் கல் நீக்கி நாலு தரம் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதைக் குடிக்காதீர்கள். சுத்தமான துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் நம் சூட்டுக்கு முளை வந்துவிடும். நீளமாக வளரட்டும் என்று மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். பிறகு நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, திரும்பவும் கொதி வந்ததில் இருந்து ஐந்து நிமிடம் விடுங்கள். அல்லது புட்டுப் பானையில் ஆவி நன்றாக வந்த பிறகு பத்து நிமிடம் வையுங்கள். நடுவில் உள்ள முளையும் கை வைக்க முடியாத சூடாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. தாளித்த சட்டியில் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்குவது போதாது. மேலே சுடும், உள்ளே பச்சையாக இருக்கும். அவித்த பிறகு வெங்காயம், தேங்காய்ப்பூ, தேசிக்காய் என்று விருப்பம் போல் சேருங்கள். முளைவெந்தயம் தின்கிறவர்களும் இதே மாதிரி அவித்தே தின்னுங்கள். அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பச்சை முளையைத் தொட்ட கையையும் பாத்திரத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அவித்ததைப் பழைய பாத்திரத்திலேயே திரும்பப் போட்டால் அவித்ததற்கு அர்த்தமில்லை.

யாருக்காவது வயிற்றோட்டத்தில் இரத்தம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பார்மசியில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையோ, வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்ரிபயோட்டிக்கோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த வகை ஈ.கோலையில் அது நிலைமையை மோசமாக்கலாம். பிள்ளை வெளிறிப்போனால், முகம் வீங்கினால், சிறுநீர் குறைந்தால் அது சிறுநீரகத்தின் அறிகுறி. வயிற்றோட்டம் நின்றுவிட்டதே என்று ஆறுதல் அடைகிற நேரத்தில்தான் அது வரும். கடந்த பத்து நாளில் பச்சை முளை தின்றிருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

என் கருத்து இதுதான். வளர்ந்த ஒருவர் தன் வீட்டில் தெரிந்துகொண்டு பச்சையாகத் தின்றால் அது அவர் விருப்பம். ஆனால் பாடசாலைத் தட்டில், பாலர் பாடசாலையில், சிற்றுண்டிச்சாலையில், வேறொருவர் பிள்ளைக்குப் பச்சை முளையைக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிவும் இல்லை, தெரியவும் தெரியாது. ஆரோக்கிய உணவு தினம் வைக்கும் அதிபர்மார், ஆசிரியர்மார், பெற்றோர் சங்கத்தார் எல்லாரும் அறிவித்தலில் ஒரு வரி சேர்த்தால் போதும்: "முளைப்பயறு கொண்டுவருபவர்கள் அவித்துக் கொண்டுவரவும்." அதற்குச் செலவு ஒரு ரூபாவும் இல்லை, அடுப்பில் ஐந்து நிமிடம்தான்.